லைனிங் துணிக்கு ஒரு மெமோ

ஆம்பூர் ஷூ கம்பெனியில் நான் தையல் மெஷினில் இருந்த காலம். ஒரு மழை நாளில் குடோன் சுவர் சரிந்து, லோடு இறக்கும் அண்ணனின் கால் முழங்கால்வரை இடிபாட்டில் மாட்டிக்கொண்டது. தொடையில் கிழிந்த இடத்திலிருந்து ரத்தம் கொட்டியது. முதலுதவிப் பெட்டிக்குப் பூட்டு. ஷூவுக்கு உள்ளே வைக்கிற லைனிங் துணியை எடுத்து மடித்து, காயத்தின் மேல் இரண்டு கையாலும் அழுத்தினேன். நர்ஸாக இருக்கும் என் அக்கா சொல்லித் தந்தது அது. துணி ஊறியதும், அதை எடுக்காமல் மேலேயே இன்னொன்றை வைத்து இன்னும் பலமாக அழுத்தினேன்.

"நின்னுச்சான்னு பாக்கலாம்மா" என்று சூப்பர்வைசர் துணியைத் தூக்கினார். ரத்தம் மறுபடி பீறிட்டது.

"கைய எடு சார்! இன்னா வேடிக்கையா இது?" என்று கத்தி, திரும்ப அழுத்தினேன். தீயணைப்புக்காரர்கள் வந்து அவரை மீட்கும்வரை நான் கையை எடுக்கவில்லை. அண்ணன் பிழைத்துக்கொண்டார்.

மறுவாரம் மெமோ வந்தது, எனக்கு. அனுமதியில்லாமல் எக்ஸ்போர்ட் துணியை வீணாக்கினேனாம். கீழே அதே சூப்பர்வைசரின் கையெழுத்து. சுவர் ஏன் விழுந்தது, பெட்டியை ஏன் பூட்டினார்கள் என்று ஒருத்தருக்கும் மெமோ போகவில்லை.

மெமோவில் துணி என்ன ஆனது என்று கேட்டிருந்த இடத்தில், அந்த அண்ணனின் பெயரை எழுதிக் கொடுத்தேன்.