ஒரே பெண், மூன்று ரெஸ்யூம்

பம்பு செய்யும் அந்தச் சின்ன ஆலையில் எல்லோரும் அவளைப் பர்ச்சேஸ் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். போல்ட்டு, பேரிங், ரப்பர் வாஷர் என்று எது தீர்ந்தாலும் அவள் மேசைக்கு ஓடி வருவார்கள். சாமான் வாங்குவதுதான் அவள் வேலை. ஆனால் ஆள் குறைந்த இடம். வந்த சரக்கை எண்ணி ஸ்டோரில் ஏற்றுவதும், போனை எடுப்பதும், வருகைப் பதிவைப் பார்ப்பதும் மெல்ல அவள் தலையிலேயே வந்து விழுந்தன. ஒருநாள் ஆலையைப் பெரிய கம்பெனி ஒன்று வாங்கி, இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அக்காவின் கையில் ஒரு நற்சான்றிதழும் பூங்கொத்தும் மிஞ்சின.

வேலை தேடிக் கொடுக்கும் ஏஜென்சியில் இருந்த பெண் அவளுடைய ரெஸ்யூமைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். “எல்லா வேலையையும் ஒரே பேப்பர்ல கொட்டிட்டீங்க மேடம். படிக்கிறவங்களுக்கு நீங்க யாருன்னே புரியாது. பிரிச்சு எழுதுங்க.”

பிரித்தாள். பர்ச்சேஸ், ஸ்டோர்ஸ், ஆபீஸ் என்று மூன்று. மூன்றும் உண்மைதான். ஆனால் ஒன்றில் முதலில் வருவது மற்றொன்றில் கடைசி வரியில் ஒண்டிக்கொண்டிருக்கும். ஆபீஸ் ரெஸ்யூமில் அவள் பேரம் பேசி விலை குறைத்த கதையே கிடையாது.

எதை யாருக்கு அனுப்பினோம் என்று குழம்பக் கூடாதென்று கணினியில் ஒரு ஷீட் போட்டாள். முதல் பத்தியில் கம்பெனி பெயரும் மின்னஞ்சலும். அடுத்தடுத்து என்ன வேலை, அனுப்பிய தேதி, எந்த ரெஸ்யூம், திரும்பக் கேட்க வேண்டிய தேதி, என்ன பதில். தினமும் காலையில் கணவர் வேலைக்குக் கிளம்பியதும், அன்றைய தேதி விழுந்த வரிகளை மட்டும் பிரித்தெடுத்து, ஒவ்வொரு கம்பெனிக்கும் பணிவாக ஒரு மின்னஞ்சல் தட்டுவாள். மாதங்கள் ஓடின. வேலை வரவில்லை என்றாலும் ஷீட் மட்டும் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருந்தது.

அவர்களோடு அதே வீட்டில் இருந்த நாத்தனார் மருத்துவமனையில் பில் போடுகிறவள். வீட்டில் அவளுக்குக் குட்டி என்று பெயர். லீவு நாளில் ஷீட்டை எட்டிப் பார்த்தாள்.

“அண்ணி, ஒரே கம்பெனிக்கு ரெண்டு தடவை அனுப்பிட்டீங்களான்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க? பேரெல்லாம் தாறுமாறா கெடக்கே. நான் அடுக்கித் தரட்டா?”

“புண்ணியமாப் போகும்டி.”

குட்டி பெயர்ப் பத்தியைத் தேர்ந்தெடுத்து அகர வரிசை பட்டனை அழுத்தினாள். பக்கத்துப் பத்திகளையும் சேர்த்து அடுக்கவா என்று கணினி கேட்டது. அண்ணி பாடுபட்டுப் போட்டதை நாம் ஏன் தொட வேண்டும் என்று நினைத்து, ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டுச் சேமித்து மூடினாள். பெயர்கள் மட்டும் இடம் மாறின. மற்றதெல்லாம் அங்கேயே நின்றது. அதாவது, ஒவ்வொரு கம்பெனிக்கும் இன்னொரு கம்பெனியின் கதை வந்து ஒட்டிக்கொண்டது. ஷீட் பார்க்க முன்னைவிட அழகாக இருந்ததால் இரண்டு பேருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகுதான் உலகம் கோணலாகத் தொடங்கியது. ஸ்டோர்கீப்பர் வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன் என்று ஒரு பெயிண்ட் கம்பெனிக்கு எழுதினாள். எங்களிடம் அப்படி ஒரு வேலையே கிடையாது என்று பதில் வந்தது. இன்னொருவர், “உங்களைத் தேர்வு செய்யவில்லை என்று முன்பே தெரிவித்தோமே” என்று வருத்தத்தோடு எழுதியிருந்தார். அக்கா ஷீட்டைப் பார்த்தாள். ‘பதில் இல்லை’ என்றுதான் இருந்தது. தனக்குத்தான் மறதி வந்துவிட்டதோ என்று பயம் பிடித்தது. கணவரிடம் சொல்லவும் வாய் வரவில்லை.

இந்த நேரம் பார்த்து மேசை நாற்காலி செய்யும் ஒரு கம்பெனி நேர்முகத்துக்கு அழைத்தது. சந்தோஷத்தில் என்ன வேலை என்று கேட்க மறந்துவிட்டாள். ஷீட்டில் ஸ்டோர்ஸ் ரெஸ்யூம் என்று இருந்தது. அதை அச்செடுத்தாள். சரக்கை எண்ணுவது, பழையதை முதலில் வெளியே அனுப்புவது என்று ராத்திரி வரை உருப்போட்டாள்.

மேனேஜர் எடுத்த எடுப்பில், “மூணு கொட்டேஷன் வந்தா எதை வெச்சு முடிவு பண்ணுவீங்க?” என்றார். அவள் ஸ்டோர் அலமாரிகளைப் பற்றிப் பேசத் தொடங்கினாள். அவர் நிறுத்தினார். அவள் கொண்டுவந்த தாளை வாங்கி, தன் முன்னால் இருந்ததன் பக்கத்தில் வைத்தார். அங்கே இருந்தது பர்ச்சேஸ் ரெஸ்யூம்.

“இதுல எது நீங்க?”

“ரெண்டும் நான்தான் சார்.”

“அப்போ எந்த வேலைக்கு வந்திருக்கீங்க?”

அவளுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்றே சொன்னாள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். குரலிலேயே புரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் கணினி முன் உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்தபோது, ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு நேரே ‘நேரில் போனேன், பேரிங் விலை கேட்டார்கள்’ என்றிருந்தது. பல் ஆஸ்பத்திரியில் பேரிங் எதற்கு?

“குட்டி, இங்க வா. அன்னைக்கு என்ன பண்ணினே?”

குட்டி செய்ததை அப்படியே சொன்னாள். ‘வேண்டாம்’ என்று அழுத்திய இடம் வந்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது. “ஐயோ அண்ணி, உங்க பொழப்புல மண்ணைப் போட்டுட்டேனே!”

அக்காவுக்குக் கோபம் வர வேண்டும். ஆனால் முதலில் வந்தது நிம்மதி. “எனக்குப் பைத்தியம் பிடிச்சிடுச்சுன்னு நெனச்சேன்டி. இது வெறும் பட்டன் கோளாறுதானா?” என்றாள். அப்புறம்தான் கோபம் வந்தது. இரண்டு நாள் குட்டியோடு பேசவில்லை.

மூன்றாம் நாள் குட்டியே லீவு போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தாள். அனுப்பிய மின்னஞ்சல்களை ஒவ்வொன்றாகத் திறந்து, தேதியையும் இணைத்திருந்த ரெஸ்யூமின் பெயரையும் அவள் படிக்க, அக்கா புது ஷீட்டில் ஏற்றினாள். ஆனால் கம்பெனிகளின் இணையதளத்தில் நேரடியாக ஏற்றிய விண்ணப்பங்களுக்கு, கிடைத்தது என்ற ஒரு வரி மின்னஞ்சல்தான் இருந்தது. எந்த ரெஸ்யூம் போனது என்று அதில் இல்லை. அந்த வரிகளில் ‘தெரியாது’ என்று போட்டார்கள்.

அடுத்த மாதம் அழைத்தது அப்படி ஒரு ‘தெரியாது’தான். மருந்துப் பெட்டிகளைக் கடைகளுக்கு அனுப்பும் கிடங்கு. இந்தத் தடவை அக்கா உட்கார்ந்ததும், நேர்முகம் எடுத்த அம்மாளிடம் கேட்டுவிட்டாள்.

“தப்பா நெனக்காதீங்க மேடம். நான் அனுப்பினதை ஒரு தடவை பார்க்கலாமா? என்ன எழுதினேன்னு எனக்கே நிச்சயமாத் தெரியல.”

அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே திரையைத் திருப்பிக் காட்டினாள். ஆபீஸ் ரெஸ்யூம். மூன்றிலும் சப்பையானது அதுதான். அக்காவுக்குச் சப்பென்று போனது.

“இதுல இல்லாததும் நெறைய செஞ்சிருக்கேன் மேடம்,” என்றாள்.

“சொல்லுங்க.”

சொன்னாள். வாங்கியது, எண்ணியது, போனில் சண்டை போட்டது, எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினாள். ஏஜென்சிப் பெண் கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

அங்கே வேலை கிடைத்தது. எந்த வண்டி எந்தக் கடைக்கு முதலில் போக வேண்டும் என்று திட்டம் போடும் வேலை. அவள் எழுதிய எந்த ரெஸ்யூமிலும் அப்படி ஒன்று இல்லை. சேர்ந்த பிறகு அந்த அம்மாளிடம், “என்னை ஏன் மேடம் எடுத்தீங்க?” என்று கேட்டாள். “உங்களுக்கு வேலை வேணுமா வேண்டாமா?” என்று கேட்டுவிட்டு அந்த அம்மாள் போனை எடுக்கப் போய்விட்டாள். அக்கா அதற்கு மேல் கேட்கவில்லை.