ரவுண்டானாவில் நாலு விளக்கு

பயம் என்றால் எனக்கு ஒரு ரவுண்டானாதான். பேய் பிசாசுக்கெல்லாம் நான் பயந்தவன் இல்லை. பத்தொன்பது வருஷமாகக் கம்பெனி ஸ்டாஃப் பஸ் ஓட்டுகிறேன், மழையில் பிரேக் பிடிக்காமல்கூட ஒருமுறை வண்டியை வயலில் இறக்கி நிறுத்தியிருக்கிறேன். ஆனால் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குள்ளே நாலு ரோடு சேரும் அந்த இடத்தை நெருங்கினால் இன்றைக்கும் உள்ளங்கை வேர்த்து ஸ்டீயரிங் வழுக்குகிறது.

கவரைப்பேட்டை பக்கம் ஆள் ஏற்றிக்கொண்டு தெற்கு ரோட்டில் நான் வருவேன். எங்கள் கம்பெனி வடக்கு ரோட்டில் இருக்கிறது, அதனால் ரவுண்டானாவைப் பாதி சுற்றி நேரே போக வேண்டும். மேற்கு ரோடு எங்கள் ஊர்ப் பக்கம் போவது. கிழக்கு ரோட்டில் இன்னொரு கம்பெனி. போன வருஷம் அதன் பேக்கிங் செக்‌ஷனில் என் மனைவி வேலைக்குச் சேர்ந்தாள். என் பஸ் எங்கள் ஊர்ப் பக்கம் வராது. ஸ்கூட்டர் வாங்கினோம்.

அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. அந்த ரவுண்டானாவில் காலையில் டிப்பர் லாரி, கன்டெய்னர், ஷேர் ஆட்டோ, பஞ்ச் அடிக்க நேரமாகிவிட்டதென்று பறக்கும் பைக் எல்லாம் ஒன்றாக விழும். அதற்குள்ளே இவள், கம்பெனி நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு, ஸ்கூட்டரில். ஆறரை மணிக்கு அவள் வீட்டை விட்டுக் கிளம்புவாள் என்று தெரியும். ஏழு மணிக்கு ஒரு மிஸ்டு கால் வரும், போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று அர்த்தம். அந்த மிஸ்டு கால் வரும்வரை என் உயிர் என் கையில் இருக்காது.

அவளோ தைரியசாலி. டிரைவிங் ஸ்கூலில் முறையாகக் கற்றுக்கொண்டாள். ஒருநாள் அடுப்படித் தரையில் சட்டியைக் கவிழ்த்து வைத்து, உப்பு டப்பாவையும் தீப்பெட்டிகளையும் வண்டியாக்கி எனக்கே பாடம் எடுத்தாள். இடப்பக்கம் திரும்புகிறவன் இடது லேனில் வர வேண்டும், இடது இண்டிகேட்டரைப் போட்டபடியே. வலப்பக்கமோ வந்த வழிக்கே திரும்பியோ போகிறவன் வலது இண்டிகேட்டரைப் போட்டு உள் லேனில், ரவுண்டானாவின் நடு மேட்டை ஒட்டிச் சுற்ற வேண்டும். நேரே போகிறவன் இடது லேனிலேயே வரலாம், நுழையும்போது எந்த விளக்கும் வேண்டாம். யாராக இருந்தாலும் தான் இறங்கும் ரோட்டுக்கு முந்தின ரோட்டைத் தாண்டிய பிறகு இடது விளக்கைப் போட்டு வெளியே வர வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, ஏற்கெனவே உள்ளே சுற்றிக்கொண்டிருப்பவனுக்குத்தான் முதல் உரிமை, வெளியே இருப்பவன் வலப்பக்கம் பார்த்துக் காத்திருக்க வேண்டும்.

நான் சிரித்தேன். இந்த ரோட்டில் பெரிய வண்டிக்குத்தான் உரிமை, உன் தீப்பெட்டிக்கெல்லாம் இல்லை என்றேன். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது.

"நீ நேரா போறதுக்கு இன்னா லைட்டு போடுவே?" என்று கேட்டாள்.

நாலு விளக்கும் என்றேன். எங்கள் பக்கத்து டிரைவர்களின் வழக்கம் அது. வண்டி பழுதாகி நின்றால் போட வேண்டிய நாலு இண்டிகேட்டரையும் சந்திப்பில் ஒன்றாகப் போட்டுவிட்டால், நான் எந்தப் பக்கமும் திரும்பவில்லை, நேரே போகிறேன் என்று அர்த்தம். எனக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுத்தார்கள், நானும் பத்துப் பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அது தப்பு என்றாள். பத்தொன்பது வருஷ அனுபவத்துக்கு இரண்டு மாசத்து லைசென்ஸ் புத்தி சொல்கிறதா என்று எரிந்து விழுந்துவிட்டு எழுந்து போனேன். அவள் சட்டியை எடுத்து அடுப்பில் வைத்துவிட்டாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை லெவல் கிராசிங்கில் மாட்டிக்கொண்டு பத்து நிமிஷம் தாமதம். பஸ்ஸில் நாற்பது பேர், ஆளாளுக்கு மணி பார்க்கிறார்கள். ரவுண்டானாவுக்கு வந்தபோது வலப்பக்கம் யாரும் சுற்றி வரவில்லை. இடது லேனில் வேகத்தைக் குறைக்காமல், நாலு விளக்கையும் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தேன்.

மேற்கு ரோட்டின் வாயிலில் ஒரு ஸ்கூட்டர் காத்து நின்றது. ஹெல்மெட், மேலே நீலச் சட்டை. நின்றது நல்லபடியாகத்தான் நின்றது. நான் மேற்கு ரோட்டை நெருங்குகிறேன், அந்த ஸ்கூட்டர் என் பஸ்ஸைப் பார்த்தது, பார்த்துவிட்டு நேரே என் முன்னால் வந்தது.

நீலச் சட்டை யாருடையது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

பிரேக்கின் மேல் ஏறி நின்றேன். பின்னால் சாப்பாட்டுக் கூடைகள் சரிந்தன, யாரோ கம்பியில் மோதிக் கத்தினார்கள். கண்ணாடிக்குக் கீழே ஸ்கூட்டர் மறைந்தது. மறைந்துவிட்டது, அவ்வளவுதான். வண்டி நின்றுவிட்டது, என்ஜின் அணைந்துவிட்டது, டக் டக்கென்று அந்த இண்டிகேட்டர் சத்தம் மட்டும் ஓயவில்லை. எனக்குக் கதவைத் திறக்கக் கை வரவில்லை. இறங்கினால் பார்க்க வேண்டும். பார்க்காதவரை அவள் உயிரோடு இருக்கிறாள் என்று ஒரு கேடுகெட்ட நினைப்பு ஓடியது. பின் சீட்டில் இருந்த அம்மா ஒருவர்தான் என் தோளைப் பிடித்து உலுக்கி, இறங்குப்பா, இறங்கு என்றார்.

ஸ்கூட்டர் பம்பருக்கு ஒரு முழம் தள்ளிச் சாய்ந்து கிடந்தது. அவள் ரோட்டில் உட்கார்ந்திருந்தாள். முழங்கையில் தோல் கிழிந்து ரத்தம். கால் இருக்கிறதா, கை இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். இருந்தது. அதற்குப் பிறகுதான் எனக்குக் கோபம் வந்தது. பயம் தெளிந்ததும் கோபம் வருவது என் புத்தி. உள்ளே சுற்றுகிறவனுக்கு வழி விடு என்று அடுப்படியில் எனக்குப் பாடம் எடுத்தவள்தானே நீ என்று நடுரோட்டில் கத்தினேன். சுற்றி லாரிகள் ஹாரன் அடித்தன.

அவள் நின்றிருந்த இடத்தைக் கையால் காட்டினாள். நான் அங்கே போய் நின்று பார்த்தேன். தெற்கு ரோட்டிலிருந்து அடுத்த பஸ் ஒன்று நாலு விளக்கும் எரிய நுழைந்தது. நடு மேட்டின் அரளிச் செடி அந்தப் பஸ்ஸின் வலப்பக்கத்தை முழுசாக மறைத்தது. எனக்குத் தெரிந்தது இடது விளக்கு ஒன்றுதான். அணைந்து எரிந்து, அணைந்து எரிந்து, இதோ இந்த ரோட்டில் இறங்கப் போகிறேன், நீ தைரியமாக வா என்றது.

நின்ற இடத்திலேயே குந்திவிட்டேன். பத்தொன்பது வருஷமாக, தினம் இரண்டு வேளை, இங்கே காத்து நின்ற எத்தனை பேரை இப்படிக் கூப்பிட்டிருக்கிறேன் என்று நினைத்தேன்.

அவள் மெல்ல எழுந்து ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். நேரே போனால் நான் நாலும் போடுவேன், ஒன்றுதான் எரிந்தது, அதனால் மேற்கு ரோட்டு டீசல் பங்குக்குத்தான் திரும்புகிறேன் என்று நினைத்தாளாம். எந்த விளக்கு எரிந்தாலும் டயர் திரும்பும்வரை நம்பாதே என்று டிரைவிங் ஸ்கூலில் சொல்லியிருக்கிறார்களே, ஏன் நம்பினாய் என்று கேட்டேன்.

"வேற வண்டியா இருந்தா நம்பியிருக்க மாட்டேன்யா," என்றாள். "உன் வண்டின்னு தெரிஞ்சிதான் வந்தேன்."