பருத்தி மாதத்துக் கூலி

கூட்ட அறைக்கு வெளியே நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டியபோதுதான் பாசனத் துறையிலிருந்து வந்த அந்தக் கடிதம் கண்ணில் பட்டது.

அப்போது ஹைதராபாத்தில் அரசின் திட்ட மதிப்பீட்டுப் பிரிவில் ஒப்பந்த வேலையில் இருந்தேன். ஒரு பாசனக் கால்வாயால் நாட்டுக்கு வரும் லாபத்தைக் கணக்கிட்டு, ஒப்புதல் தரும் குழுவின் முன் வைத்திருந்தோம். பம்புகள் வெளிநாட்டிலிருந்து வருபவை. அவற்றின் சுங்க வரியைக் கழித்துவிட்டேன். அது நாட்டுக்குள்ளேயே கைமாறும் பணம்தானே. டாலருக்கு நாடு நிஜமாகக் கொடுக்கும் விலை அரசு விகிதத்தைவிட அதிகம் என்பதால் அதைக் கூட்டியும் விட்டேன். அதிலெல்லாம் தப்பில்லை.

தப்பு கூலியில். மண் வெட்டும் ஆளுக்கு நாம் நூறு ரூபாய் கொடுத்தாலும், வயலில் வேலையில்லாத கோடையில் அவரை அழைத்தால் வேறெங்கும் பெரிதாக எதுவும் நின்றுபோகாது. அதனால் நாட்டுக்கு ஆகும் செலவு அறுபது என்றே போட்டிருந்தேன். கடிதமோ மண் வேலையைப் பருத்தி எடுக்கும் மாதங்களுக்கு மாற்றியிருந்தது. அப்போது ஆளை இழுத்தால் பருத்தி செடியிலேயே நிற்கும். முழு நூறையும் போட வேண்டும். போட்டால் திட்டம் தேர்ச்சி வரம்புக்குக் கீழே போய்விடும்.

கடித ஓரத்தில் என் சுருக்கொப்பம். படிக்காமலே போட்டது. வரும் தாளிலெல்லாம் அப்படிப் போட்டுத் தள்ளுவதுதான் எங்கள் பிரிவின் வழக்கம். அடுத்த மாதம் என் ஒப்பந்தம் முடிகிறது. அதைப் புதுப்பிக்க வேண்டிய அதிகாரி பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்க்காரர், முப்பது வருடமாக இந்த ஊர். விஷயத்தைச் சொன்னேன். கடிதத்தை வெகு நேரம் பார்த்தார்.

"இப்ப நக்கோம்மா, வேண்டாம். அவங்களா கேட்டா பாத்துக்கலாம்."

உள்ளே கூட்டம் தொடங்கியது. யாரும் கேட்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன், வெட்கமில்லாமல். பாதியில் குழுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றி, மண் வேலை எந்த மாதம் என்றார். அதிகாரி பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். எழுந்து நின்று, பருத்தி மாதம், கூலியைத் தப்பாகப் போட்டுவிட்டேன் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். கோப்பு திரும்பி வந்தது.

மாடிப்படியில் அதிகாரிக்குப் பின்னால் இறங்கினேன். வேலை போயாச்சு, வீட்டில் என்ன சொல்வது என்று மட்டுமே ஓடியது. அவர் நின்று, கோப்பைத் திறந்து அந்தக் கடிதத்தை நீட்டினார். என் சுருக்கொப்பத்துக்கு மேலே இன்னொன்று, அவருடையது. பயத்தில் நான் என்னுடையதை மட்டும்தான் பார்த்திருந்தேன்.

"நானுந்தான் படிக்கல," என்றார். "உள்ள அத சொல்ல எனக்கு தைரியம் வரல. நாளைக்கு ஒங்க ஒப்பந்தத் தாள எடுத்துட்டு வாங்க. அதையாவது படிச்சுட்டுக் கையெழுத்துப் போடறேன்."