விழுந்த ரூபாயும் இடது காதும்

காலையில் கண் விழித்ததும் பிரிஜெட் சிலுவை போட்டுக்கொள்வாள். அடுத்த வேலை, போனை எடுத்து இன்றைக்கு ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய் என்று பார்ப்பது. "ஆண்டவருக்கு அப்புறம் டாலரா? புருஷன் எத்தினாவது?" என்று ஆம்ப்ரோஸ் கேலி பேசுவார். அவர் கேலியிலும் நியாயம் இருந்தது. பெங்களூரு பொம்மனஹள்ளியில் ஒன்றரை அறை வீட்டில், மாடியில் துணி காயப்போட இடத்துக்குச் சண்டை போடும் ஒருத்திக்கு டாலரோடு என்ன உறவு என்று யாருக்கும் தோன்றும்.

உறவு வயிற்றுப் பிழைப்பால் வந்தது. பொம்மசந்திராவில், காது கேட்கும் கருவிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து ஊரெல்லாம் உள்ள கடைகளுக்குக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனியில் பிரிஜெட் வேலை செய்கிறாள். பெட்டி ஒட்டும் பெண்ணாகச் சேர்ந்தவள். கணக்கில் கை சுத்தம், வாயில் பூட்டு என்று தெரிந்ததும் முதலாளி சீனிவாசராகவன் அவளை மேஜைக்கு இழுத்துக்கொண்டார். இப்போது எந்தக் கருவி கடைக்கு என்ன விலைக்குப் போகவேண்டும் என்ற பட்டியலைப் போடுவது அவள்தான்.

அந்தக் கருவிகளுக்கு அங்கே டாலரில் பில் போடுகிறார்கள். சரக்கு இன்றைக்கு வரும், பணம் கட்ட இரண்டு மாதம் தவணை உண்டு. கட்டுகிற நாளில் டாலர் என்ன விலையோ அந்த விலைக்கு ரூபாயைக் கொட்டவேண்டும். நடுவில் ரூபாய் சறுக்கினால், விற்று முடித்த சரக்குக்கும் சேர்த்துக் கை கடிக்கும். இதற்காக பிரிஜெட் ஒரு வழி வைத்திருந்தாள். வங்கி சொல்லும் டாலர் விலைக்கு மேல் இரண்டு ரூபாய் கூட்டி வைத்துத்தான் கணக்குப் போடுவாள். அந்த இரண்டு ரூபாய்க்கு அவள் வைத்த பெயர் தலகாணி. ரூபாய் கொஞ்சம் விழுந்தாலும் தலை தரையில் இடிக்காது, கடைக்காரர்களுக்கு விலையை மாற்றவும் வேண்டாம். ஐயங்கார் முதலாளிக்கும் அந்தச் சொல் பிடித்துப்போய், "தலகாணி வெச்சாச்சா பிரிஜெட்?" என்று கேட்காமல் எந்தப் பட்டியலிலும் கையெழுத்துப் போடமாட்டார்.

ஒரே ஒரு வரிசைக்கு மட்டும் தலகாணி கிடையாது. கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் தங்கள் வீட்டுக்கு வாங்கினால் அடக்க விலைதான். லாபமும் இல்லை, தலகாணியும் இல்லை, பட்டியல் போடும் நாளின் வங்கி விலை. நம்மவர்களிடம் எதற்கு அந்த இரண்டு ரூபாய் என்று பிரிஜெட்டே வாதாடி வாங்கிய சலுகை அது. பெட்டி ஒட்டும் பெண்கள் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள்.

இவ்வளவும் தெரிந்த பிரிஜெட்டின் வீட்டில்தான் காது கேட்காத மனுஷன் இருந்தார்.

ஆம்ப்ரோஸ் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். சொந்த வண்டி. டீசல் இன்ஜின் பக்கத்திலேயே வாழ்க்கை முழுவதும் உட்கார்ந்ததாலோ என்னவோ, இரண்டு வருஷமாகக் காது மெல்ல மெல்ல மங்கிவிட்டது. முகத்தைப் பார்த்துப் பேசினால் சமாளிப்பார். முதுகைக் காட்டிப் பேசினால் பாதி வார்த்தை அவரிடம் போய்ச் சேராது. மாதா கோயிலில் சாமியார் பிரசங்கத்துக்கு எல்லாரும் சிரித்த பிறகு ஒரு கணம் தாமதித்துச் சிரிப்பார். அதைப் பார்க்கும்போதெல்லாம் பிரிஜெட் தலையைக் குனிந்துகொள்வாள்.

பயமும் இருந்தது. வேனில் குழந்தைகள் இருக்கிறார்கள். போன மாதம் ஒரு சின்னப் பெண் வாந்தி வருகிறது என்று கத்தியும் அவருக்குக் கேட்கவில்லை. அம்மாக்காரி வந்து பிரிஜெட்டிடம்தான் முறையிட்டாள். இன்னொரு தடவை இப்படி நடந்தால் பள்ளிக்கூடம் வேறு வண்டி பார்த்துக்கொள்ளும்.

"மெஷின் வாங்கிக்கலாங்க. எனக்கு அடக்க வெலைக்குக் குடுப்பாங்க" என்று அவள் கெஞ்சாத வாரம் இல்லை.

"அடுத்த மாசம் பாக்கலாம் பிரிஜி. முதல்ல வண்டிக்கு டயர்."

அந்த அடுத்த மாதம் வந்து வந்து போனது. அதற்குள் ரூபாய் வழுக்கு மரத்தில் ஏறியவன்போல இறங்கத் தொடங்கியது. போனில் டாலருக்கு நேரே உள்ள எண் ஏற ஏற, பிரிஜெட்டின் முகம் இறங்கும். முதலில் ஒரு ரூபாய் போனது. தலகாணி தாங்கியது. பிறகு இன்னொன்று. பிறகு மூன்றும் நான்கும் போய், தலகாணி இருந்த இடமே தெரியவில்லை.

ஒரு சனிக்கிழமை முதலாளி அவளைக் கூப்பிட்டார்.

"இனிமே தாங்காது பிரிஜெட். புது லிஸ்ட் போட்டுடுங்கோ."

"முழுசும் ஏத்திடலாமா சார்?"

"முழுசும் ஏத்தினா கடைக்காரா எல்லாம் அடுத்த கம்பெனிக்குப் போயிடுவா. பாதிய ஏத்துங்கோ. மீதிப் பாதிய நம்ம லாபத்துல கழிச்சுக்கலாம். அப்புறமும் விழுந்தா, அப்ப பாத்துக்கலாம்."

நல்ல மனுஷர். ஊரிலுள்ள கடைக்காரர்கள் தலையில் பாதிச் சுமைதான் வைத்தார். பிரிஜெட் ஒவ்வொரு வரிசையாகப் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசி வரிசைக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. ஊழியர் விலை. அதில் கழிக்க லாபமும் இல்லை, தாங்கத் தலகாணியும் இல்லை. ரூபாய் விழுந்தது அத்தனையும் அப்படியே அதன் தலையில்தான் வந்து விழுந்தது. போதாததற்கு சரக்கு வரும் விமானத்தின் கூலியும் எரிபொருள் பெயரைச் சொல்லிக் கூடியிருந்தது. பெண்களின் கும்பிடுகளை எல்லாம் வாங்கிக்கொண்ட சலுகை, இப்போது அவளையே பார்த்துப் பல்லைக் காட்டியது.

ஒரு வார்த்தை சொன்னால் முதலாளி அவளுக்கு மட்டும் பழைய விலை போட்டுக் கொடுத்திருப்பார். கீழே பெட்டி ஒட்டுகிறவர்களில் ஒருத்தி தன் மகனுக்கு வாங்கக் காத்திருந்தாள். அவளுக்கு ஒரு விலை, தனக்கு ஒரு விலை என்று போட பிரிஜெட்டுக்குக் கை வரவில்லை. புது எண்ணைப் போட்டுவிட்டுக் கிளம்பினாள்.

வீட்டுக்கு வந்தபோது ஆம்ப்ரோஸ் கட்டிலில் உட்கார்ந்து மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். பிரிஜெட் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று தெரியும். சுவரைப் பார்த்தபடி பையை ஆணியில் மாட்டிக்கொண்டே சொன்னாள்:

"டாலருக்கு ரூபா ரொம்ப விழுந்துடுச்சுங்க. எல்லாம் போச்சு."

திரும்பிப் பார்த்தாள். கட்டிலில் ஆளில்லை. ஆம்ப்ரோஸ் தரையில் முழங்கால் போட்டு, கன்னத்தைத் தரையோடு வைத்து, பீரோவுக்கு அடியில் துடைப்பக்கட்டையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

"இன்னாங்க பண்றீங்க?"

அது அவருக்குக் கேட்கவில்லை. தூசியும் ஒரு ஹேர்பின்னும் வந்தன. அப்புறம் நிஜமாகவே ஒரு ரூபாய்க் காசு, என்றைக்கோ உருண்டு போனது, கறுத்துப்போய் வெளியே வந்தது. அவர் அதை லுங்கியில் துடைத்து அவளிடம் நீட்டினார். முகமெல்லாம் வெற்றி.

"இந்தா. கெடச்சிடுச்சு. இதுக்குப் போய் ஏன் மூஞ்சிய அப்படி வெச்சிக்கினு இருக்க?"

பிரிஜெட்டுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எந்த இடத்தில் அழுகையானது என்று அவளுக்கே தெரியாது. அவள் விழுந்ததென்று சொன்னால் எது ஏது என்று கேட்காமல் தரையில் விழுந்து தேடுகிற மனுஷன். இவருக்கா காது வாங்கிக் கொடுக்க முடியாமல் போகவேண்டும்? அவள் கட்டிலில் அவரை எதிரே உட்கார வைத்து, முகத்துக்கு நேராக, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள். எந்த ரூபாய், எங்கே விழுந்தது, மெஷின் விலை என்ன ஆயிற்று என்று.

ஆம்ப்ரோஸ் கையிலிருந்த காசையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது. தான் எதைக் கேட்டுவிட்டு எதைத் தேடினோம் என்பது அவருக்கே அப்போதுதான் உறைத்தது.

"பழைய சரக்கு இருக்குமே. பழைய வெலைக்கு வராதா?"

"அதுக்கும் இனிமேதாங்க துட்டு கட்டணும். கட்டுற நாள் வெலைக்கு."

"நம்ம பம்புல டீசல் வெல அப்படியேதான இருக்கு? அதுவும் வெளிநாட்டு எண்ணெதானே?"

"எண்ணெ கம்பெனிங்க கொஞ்ச நாளைக்கு இழுத்துப் புடிப்பாங்க. அங்க எண்ணெ வெல ஏறாமயே இருந்தாலும், டாலர் ஏறிச்சுன்னா இங்க அடக்க வெல ஏறிடும். எவ்ளோ நாள் தாங்குவாங்க? அவங்க தலகாணியும் ஒரு நாள் கிழியும்."

அவர் காசைக் கைக்குள் மூடிக்கொண்டு, "அப்போ காத்திருந்தா இன்னும் ஏறும்" என்றார்.

"ஏறலாம். எறங்கவும் எறங்கலாம். யாருக்கும் தெரியாதுங்க. தெரிஞ்சா நான் ஏன் பொம்மசந்திராவுல குந்திக்கினு இருக்கேன்?"

"ரெண்டு காதுக்கும் வேணாம் பிரிஜி. இப்ப ஒண்ணு வாங்கலாம். டயரு ரெண்டு மாசம் தாங்கும்."

ரெண்டு காதுக்கும் போட்டால்தான் நல்லது என்று டாக்டர் சொன்னதை அவள் நினைவுபடுத்தினாள். அவர் கேட்கவில்லை. இந்தத் தடவை காது கேட்டும் கேட்கவில்லை.

"எந்தக் காதுக்கு?" என்றாள்.

"லெஃப்டு. புள்ளைங்க எல்லாம் அந்தப் பக்கம்தானே ஏறுதுங்க." கொஞ்சம் யோசித்து, தரையைப் பார்த்துக்கொண்டு சேர்த்தார்: "நீயும் அந்தப் பக்கம்தானே உக்காருவ."

திங்கட்கிழமை பிரிஜெட் புது விலையைக் கட்டி, ஊழியர் வரிசையில் முதல் ஆளாகத் தன் பெயரை எழுதினாள். முதலாளி பார்த்தார். மெஷினை ஆம்ப்ரோஸின் காதுக்கு ஏற்றபடி சரிசெய்து கொடுக்கத் தன் ஆளையே வீட்டுக்கு அனுப்பினார்.

முதல் வாரம் அவருக்கு எல்லாமே இரைச்சல். குக்கர் விசில் கேட்டால் துள்ளினார். மல்லாட்டைத் தோல் உடைகிற சத்தம்கூட இருக்கிறது என்று ஆச்சரியப்பட்டார். அடுத்த ஞாயிறு கோயிலில், எல்லாரும் சிரித்தபோதே அவரும் சிரித்தார். பிரிஜெட் பிரசங்கத்தைக் கேட்காமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கழித்து, கோயிலிலிருந்து திரும்பும் வழியில் வேனை டீசல் பம்ப்புக்குள் விட்டார். எதிரே விலைப் பலகையில் எண் மாறியிருந்தது. எண்ணெய்க் கம்பெனிகளின் தலகாணியும் கிழிந்துவிட்டது. அவர் உச்சுக்கொட்டினார். பள்ளிக்கூடத்தில் வேன் கூலியை ஏற்றிக் கேட்க வருஷக் கடைசிவரை பொறுக்கவேண்டும். அதுவரை அவரே தாங்கவேண்டும்.

பிரிஜெட் இடது பக்க ஜன்னலை நோக்கித் திரும்பியிருந்தாள். காலையில் போனில் பார்த்தது நினைவுக்கு வந்தது. யாருக்கும் சொல்லாமல், தனக்குத்தானே முணுமுணுத்தாள்.

"ரூபா இன்னும் விழுந்துடுச்சு."

இன்ஜின் உறுமியது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். ஆம்ப்ரோஸ் கியரைப் போட்டு வண்டியை நகர்த்தினார்.

"விழட்டும். இந்தத் தடவ நான் குனிய மாட்டேன்" என்றார்.