வசனம் எழுதாத கடிதம்

எங்கள் சபைக் குடும்பங்களில் ஒரு பழக்கம் உண்டு. கடிதத்தின் கடைசியில் ஒரு வேத வசனம், அதன் கீழே "இப்படிக்கு", அதன் கீழே பெயர். வசனம் இல்லாமல் கடிதம் வந்தால், ஏதோ ஒரு தாள் விட்டுப்போயிற்று என்று உறையை உதறிப் பார்ப்பார்கள்.

என் மகனுக்கு ஒன்றரை வயதில் தொண்டை அடைப்பான் நோய் வந்தது. நானும் பிள்ளையும் அப்போது என் பிறந்த வீட்டில், சித்தூரில் நைனாவோடு இருந்தோம். மிஷன் ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, தொற்று நோய் என்பதால் என்னையும் பிள்ளையையும் தனி அறையில் வைத்தார்கள். நைனா ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசுவார். என் வீட்டுக்காரர் திருப்பதியில் வாத்தியார். அந்த வாரம் அவர் பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வரும் வாரம். அதனால் நான் தினமும் எழுத வேண்டும், அவர் அங்கேயே இருக்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம்.

மூன்றாம் நாள் இரண்டு தாள் எழுதினேன். "தொண்டையில் வெள்ளைப் படலம் இன்னும் இருக்கிறது. மூச்சு அடைத்தால் கழுத்தில் துளை போட வேண்டும், சாயங்காலம் பார்த்துச் சொல்கிறேன் என்றார் டாக்டரம்மா." தாளின் கடைசி வரி அதோடு முடிந்தது. விளிம்பில் வசனத்துக்கு இடம் இருந்தது. எந்த வசனம் என்றுதான் எனக்குப் புரியவில்லை. ஒன்றில் இருண்ட பள்ளத்தாக்கு வந்தது. ஒன்றில் நித்திய வீடு வந்தது. நல்ல நாளில் எத்தனை தடவை எழுதிய வரிகள்! அன்று எதை எழுதினாலும் பிள்ளையை நானே அனுப்பி வைப்பது போல இருந்தது.

"இன்னாம்மா யோசிச்சிகினு இருக்கே? தபால் பையைக் கட்டிடுவாங்க, குடு" என்றார் நைனா.

பிள்ளை அழுதான். வசனமும் பெயரும் எழுதாமலே தாள்களை மடித்து ஜன்னல் வழியே நீட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலமே மூச்சு இளகியது. துளை போடவில்லை. மறுநாள் காலை அந்த நல்ல செய்தியை எழுதினேன். ஆனால் அது போய்ச் சேருமுன் அவர் பாகாலா வழியாக வண்டி பிடித்து வந்துவிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் இருந்த தொட்டிலைப் பார்த்தார். மகன் காலை ஆட்டினான்.

"கடைசித் தாள் எங்கே?" என்று கேட்டார்.

"இரண்டு தாள்தான் எழுதினேன்."

"வசனம் இல்லை. பேர் இல்லை. தபாலாபீஸில் கேட்டேன், தபால்காரரிடம் கேட்டேன். மூன்றாம் தாளில் கெட்ட செய்தி, இன்ஸ்பெக்ஷன் முடியட்டும் என்று பள்ளியில்தான் யாரோ அதை எடுத்து ஒளித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். ஹெட்மாஸ்டரிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறேன்."

நான் வசனம் விட்டுப்போன காரணத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "வசனம் வராவிட்டால் போகிறது. முடிந்தது என்றாவது எழுது" என்றார். பிறகு, "வண்டியில் வழி முழுக்க அந்த மூன்றாம் தாளை நானே எழுதிக்கொண்டு வந்தேன்" என்றார். அதில் என்ன எழுதினார் என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தபோது அவர் வகுப்பில் வாத்தியார் இல்லை. இன்னொரு தடவை சொல்லாமல் போனால் வேலை இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

மூன்று வாரம் கழிந்தது. நானும் பிள்ளையும் நைனா வீட்டுக்குத் திரும்பியிருந்தோம். பிள்ளை குடித்த பால் மூக்கு வழியே வந்தது. டாக்டரம்மா, "இந்த நோய்க்குப் பின்னால் சில பிள்ளைகளுக்கு இப்படி ஆகும். தொண்டைச் சதை தளர்ந்திருக்கிறது. கெட்டியாகக் கூழ் கொடு, மெதுவாகக் கொடு. சில வாரத்தில் சரியாகும்" என்றார். இதைத் திருப்பதிக்கு, என் வீட்டுக்காரருக்கு எழுதலாமா கூடாதா என்று அரை நாள் தவித்தேன். எழுதினால் ஓடி வருவார், வேலை போகும். எழுதாவிட்டால் பிறகு என் எந்தக் கடிதத்தை நம்புவார்?

எல்லாவற்றையும் எழுதினேன். டாக்டரம்மாவின் வார்த்தைகளை அப்படியே எழுதினேன். கடைசியில் வசனம், பெயர். அதன் கீழே ஒரு கோடு கிழித்து, "மொத்தம் இரண்டு தாள். இத்துடன் முடிந்தது. எழுதாமல் விட்டது ஒன்றும் இல்லை" என்று எழுதினேன். மடித்த கடிதத்தைத் திரும்பப் பிரித்து, அந்த வரிகள் இருக்கின்றனவா என்று பார்த்தேன். உறையை ஒட்டுமுன் இன்னொரு தடவை பார்த்தேன்.

அடுத்த இரண்டு நாளும் பாகாலா வண்டி வரும் நேரத்தில் வாசற்படியிலேயே நின்றேன். அவர் வரவில்லை. மூன்றாம் நாள் ஒரு கார்டு வந்தது.

"இரண்டு தாளும் வந்தன. கோடு வரை படித்தேன். வகுப்புக்குப் போகிறேன்."

அதன் கீழே வசனம், பெயர். பெயருக்குக் கீழே அவரும் ஒரு கோடு கிழித்திருந்தார்.