செல்வமலர் ரீச்சரின் வடிவான ஆங்கிலம்

மொன்றியல் நகரின் லாசால் பகுதியில் செல்வமலர் ரீச்சரின் ஆங்கிலத்தில் குறை கண்டவர் எவருமில்லை. குறை சொல்ல வாயெடுத்தாலும் ரீச்சர் விடமாட்டார். பருத்தித்துறையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்த காலத்திலேயே ஒவ்வொரு சொல்லையும் தலை முதல் கால் வரை முழுதாக உச்சரிப்பவர் என்று பெயரெடுத்தவர். மொன்றியலுக்கு வந்து இத்தனை ஆண்டுகளாகியும் அதில் ஓர் எழுத்தைக்கூட அவர் நழுவவிடவில்லை. காலையில் கார்ட்ரீ எனப்படும் பகல் காப்பகத்தில் குழந்தைகளோடு மல்லுக்கட்டுவார். மாலையில் சமூக நிலையத்தின் பின்னறையில், பிரெஞ்சு வகுப்பை முடித்துவிட்டு வேலைக்காக ஆங்கிலமும் தேடி வரும் நம்மவர்களுக்குக் கேட்கும் பயிற்சி கொடுப்பார்.

பயிற்சி இப்படித்தான் இருக்கும். ரீச்சர் தன் கைபேசியில் ஒரு பந்தியை வாசித்துப் பதிவு செய்து வைத்திருப்பார். தாளில் அதே பந்தி அச்சிட்டிருக்கும்; ஆனால் சின்னச் சொற்கள் மட்டும் இருக்காது. டு, ஃபோர், ஒஃப், கேன், தெம் போன்றவை இருந்த இடமெல்லாம் வெறும் கோடு. கேட்டுக் கேட்டு நிரப்ப வேண்டும். வகுப்பில் எல்லோரும் ஏறக்குறைய முழுப் புள்ளி எடுப்பார்கள். ரீச்சருக்கு உச்சி குளிர்ந்துவிடும்.

அந்தக் குளிர்ச்சியை மகேந்திரராசா ஒரே மாலையில் போக்கடித்தார்.

மகேந்திரராசா லொறி நிறுவனம் ஒன்றின் பண்டகசாலையில் பெட்டி தூக்குகிறவர். நாற்பது தாண்டிய மனிதர். இடுப்பு போய்விட்டது. இனிமேல் பாரம் தூக்கினால் நடக்கவே மாட்டாய் என்று வைத்தியர் சொல்லிவிட்டார். அதே நிறுவனத்தில் கதிரையில் இருந்து செய்யும் வேலையொன்று வந்திருந்தது. ஒன்ராறியோவிலிருந்து வரும் லொறி ஓட்டுநர்கள் வானொலியில் கூப்பிட்டுச் சொல்வதைக் கேட்டு, யார் எங்கே போக வேண்டும் என்று வழிநடத்தும் வேலை. அதற்கு ஒரு பரீட்சை. ஓட்டுநர்கள் உண்மையாகப் பேசிய பேச்சைப் போட்டுக் காட்டுவார்கள்; தாளில் விடுபட்ட சின்னச் சொற்களை நிரப்ப வேண்டும். பெரிய சொல் பிழைத்தால் திரும்பக் கேட்கலாம். சின்னச் சொல் பிழைத்தால் லொறி லவாலுக்குப் போகிறதா, லவாலிலிருந்து வருகிறதா என்பதே மாறிவிடும். அதனால் வைத்த பரீட்சை. மகேந்திரராசா அதில் தோற்றுவிட்டார்.

"ரீச்சர், பாதி கோட்டுக்கு மேலை வெறுமையா விட்டிட்டு வந்தனான்," என்றார். முகம் கறுத்திருந்தது. "நீங்கள் வாசிச்சா எனக்கு வடிவா விளங்குது. அவங்கள் கதைக்கேக்கை அந்தச் சின்னச் சொல்லொண்டுமே இல்லை ரீச்சர். சொல்லாமலே விடுறாங்கள்."

"சொல்லாமல் விட்டா வசனம் எப்பிடி வரும்? நீங்கள் வடிவாக் கேக்கேல்லை," என்றார் ரீச்சர் சுள்ளென்று.

"இன்னொருக்கா வரச் சொல்லியிருக்கினம். ரெண்டு கிழமையிலை. அதிலையும் விட்டா வேலையை வேறை ஆளுக்குக் குடுத்திடுவினம்."

ரீச்சருக்கு வீட்டுக்கு வரும் வழியெல்லாம் கோபம். முதலில் மகேந்திரராசாவின் மேல். பிறகு அந்த லொறிக்காரர்கள் மேல். நோத்ர-டாம்-த-கிரேஸ் பக்கம் போகும் பேருந்தில் இரண்டு பெண்கள் முன்னால் இருந்து பேசிக்கொண்டு வந்தார்கள். ரீச்சர் காதைக் கொடுத்தார். என்ன பேசுகிறார்கள் என்பது விளங்கியது. ஆனால் அந்தப் பேச்சில் டு எங்கே, ஒஃப் எங்கே என்று தேடினால் ஒன்றையும் பிடிக்க முடியவில்லை. இத்தனை காலமும் பொருள் விளங்கியதால் சொல்லெல்லாம் காதில் விழுந்ததாக நினைத்திருந்திருக்கிறார். அப்போதுதான் அவருக்குச் சுருக்கென்றது. தன் மாணவர்கள் கற்றுக்கொண்டது ஆங்கிலத்தைக் கேட்க அல்ல. செல்வமலரைக் கேட்க.

வலித்தது. வலித்தது என்றால் சும்மா இல்லை, இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. ஆனால் ரீச்சர் வலியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளல்ல. பழைய பதிவுகள் எல்லாவற்றையும் கைபேசியிலிருந்து அழித்தார். பிறகு மகளின் அறைக் கதவைத் தட்டினார்.

மகள் துஷாந்தினி இங்கேயே பிறந்து வளர்ந்தவள். வங்கியில் வேலை. அவளுடைய ஆங்கிலம் ஓடுகிற தண்ணீர் மாதிரி. சின்ன வயதிலிருந்து "வாய்க்குள்ளை போட்டு மெல்லாமல் வடிவாக் கதை பிள்ளை" என்று தாயிடம் வாங்கிக் கட்டியதற்குக் கணக்கில்லை. அந்தத் தாய் இப்போது வாசலில் நின்று கைபேசியை நீட்டி, "பிள்ளை, நீ கதைக்கிற மாதிரி ஒருக்கா இதுக்குள்ளை கதைச்சுத் தாறியே?" என்றார்.

துஷாந்தினி தாயை ஏற இறங்கப் பார்த்தாள். "அம்மா, ஆர் யூ ஓகே?"

தாய் ஒரு பந்தியை எழுதிக் கொடுத்தார். மகள் கைபேசியை முன்னால் வைத்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு வாசித்தாள். போட்டுக் கேட்டால், அப்படியே செல்வமலர் ரீச்சர்! ஒவ்வொரு சொல்லும் குளித்து உடுத்திக்கொண்டு வரிசையில் நிற்கிறது. அம்மாவுக்கு முன்னால் வாசிக்கச் சொன்னால் அம்மாவின் ஆங்கிலம்தான் வரும் என்பது இருவருக்கும் அப்போதுதான் தெரிந்தது. துஷாந்தினி விழுந்து விழுந்து சிரித்தாள். ரீச்சருக்குச் சிரிப்பு வரவில்லை.

"எழுதி வைச்சு வாசிச்சா வராது," என்றார் யோசித்து. "நீ ஆரோடையும் உண்மையாக் கதைக்க வேணும்."

யூலை முதலாம் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. பாதி மொன்றியல் வீடு மாறும் நாள். துஷாந்தினியின் சிநேகிதி ஒருத்தியும் வீடு மாறுகிறாள். சோபா படிக்கட்டில் ஏறுமா, வான் எத்தனை மணிக்கு என்று தினமும் பேச்சு. சிநேகிதியிடம் கேட்டுச் சம்மதம் வாங்கி, அந்தத் தொலைபேசிப் பேச்சையே ரீச்சர் பதிவு செய்தார். பேசத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் இருவரும் பதிவை மறந்துபோனார்கள். பிறகு ரீச்சர் அதைச் சிறு துண்டுகளாக வெட்டித் திரும்பத் திரும்பக் கேட்டு எழுதினார். சில இடங்களில் அவருக்கே பிடிபடவில்லை. மகளைக் கூப்பிட்டுக் கேட்டால், "நான் கோயிங் டு எண்டுதான் சொன்னனான்," என்று சத்தியம் பண்ணுகிறாள். பதிவில் இருப்பதோ "கனா". சொன்னவளுக்கே தான் எதை விழுங்கினோம் என்று தெரியவில்லை.

அடுத்த வகுப்பில் புதிய பதிவைப் போட்டார். அமளி. ஒருவருக்கும் பாதிகூட வரவில்லை. பின்வரிசையில் இருந்த அருமைராசா பேனாவை மேசையில் போட்டார். "ரீச்சர், முந்தி நல்லாத்தானே போனது. ஏன் இந்தக் கரைச்சல்?"

மகேந்திரராசா கெஞ்சினார். "ரீச்சர், ஒருக்கா, ஒரேயொருக்கா நீங்கள் வாசியுங்கோ. அதைக் கேட்டிட்டு இதைக் கேக்கிறன்."

ரீச்சருக்கு வாசிக்க வேண்டும் போலத்தான் இருந்தது. தொண்டை வரை வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார்.

"வாசிக்க மாட்டன்," என்றார். "லொறிக்காரன் உங்களுக்காக வாசிப்பானோ?"

பிறகு மேசையில் விரலால் தட்டத் தொடங்கினார். பாரமான சொல்லுக்கு ஒரு தட்டு: வான், சோபா, லவால். அந்தத் தட்டுகள் ஏறக்குறைய ஒரே தாளத்தில் விழுந்தன. சின்னச் சொற்களெல்லாம் இரண்டு தட்டுகளுக்கு நடுவில் நசுங்கிக்கொண்டு ஓடின. ஃபோர் என்பது 'ஃபர்' ஆகி, அண்ட் என்பது வெறும் 'ன்' ஆகி, தெம் தலையை இழந்து 'எம்' ஆகி, ஒஃப் ஒரு மூச்சாகி, டு ஒரு 'ட' ஆகிவிட்டிருந்தது. "முழுச் சத்தத்தைத் தேடாதேங்கோ, அது அங்கை இல்லை. முதலிலை தாளைப் பாருங்கோ. அந்தக் கோட்டிலை என்ன சொல் வரலாம் எண்டு மனசிலை ரெண்டு மூண்டைப் பிடியுங்கோ. பேந்து காதாலை எது எண்டு பாருங்கோ."

மகேந்திரராசாவை அதிகம் படுத்தியது கேன், கேன்ட் இரண்டும்தான். கடைசி 'ட்' கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார். அந்த 'ட்' இங்கே தொண்டையிலேயே நின்றுவிடும், வெளியே வராது. ரீச்சர் அவரை அதை விடச் சொன்னார். "பாரத்தைப் பாருங்கோ. 'க்ன்' எண்டு மெலிஞ்சு ஓடினா, ஏலும் எண்டு அர்த்தம். 'கேன்' எண்டு பாரமா நிண்டா, ஏலாது."

மகேந்திரராசாவின் முகம் மலர்ந்தது. அடுத்த ஏழெட்டுத் துண்டுகளையும் பிழையின்றிப் பிடித்தார். பிறகு "ஷுவர் ஐ கேன்" என்று சிநேகிதி சொன்ன இடத்தில் வீரமாய்க் கேன்ட் என்று எழுதினார்.

"பாரமாத்தானே நிண்டது ரீச்சர்!"

"ஓம், நிண்டது. வசனத்தின்ரை கடைசியிலை, பின்னாலை வேறை சொல் இல்லாமல் வந்தா, கேனும் முழு உடம்போடைதான் வரும். அங்கை முன்னுக்கு என்ன சொன்னவ எண்டு பாருங்கோ. ஷுவர் எண்டிட்டு ஏலாது எண்டு ஆராவது சொல்லுவினமோ?"

அருமைராசா பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டார்.

அந்த இரண்டு கிழமையும் துஷாந்தினியின் சிநேகிதிகள் எல்லோரும் ரீச்சரின் கைபேசிக்குள் அகப்பட்டார்கள். சோபா படிக்கட்டில் மாட்டிக்கொண்ட கதை, குளிர்சாதனப் பெட்டியின் கதவு கழன்ற கதை எல்லாம் பாடமாயின. ஒவ்வொரு வகுப்பிலும் புள்ளி கொஞ்சம் கொஞ்சமாய் ஏறியது. கடைசி வகுப்பில் மகேந்திரராசா ஒரேயொரு கோட்டை மட்டும் வெறுமையாய் விட்டார். ரீச்சராலும் அந்த இடத்தில் எது என்று உறுதியாய்ச் சொல்ல முடியவில்லை. "எனக்கும் தெரியேல்லைத்தான்," என்று ஒப்புக்கொண்டார். வகுப்பில் அவர் வாயிலிருந்து அப்படியொரு வசனம் வந்தது அதுவே முதல் தடவை. வானம் இடிந்து விழவில்லை.

பரீட்சை முடிந்து மகேந்திரராசா வகுப்புக்கு வரவில்லை. அடுத்த வகுப்புக்கும் வரவில்லை. ரீச்சர் வெளியே காட்டிக்கொள்ளாமல் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சையைத் திரும்பவும் விட்டுவிட்டார் போல, வெட்கத்தில் வராமல் இருக்கிறார் போல என்று மனம் அடித்துக்கொண்டது. மூன்றாம் வகுப்பின் நடுவில் கைபேசி அடித்தது.

"ரீச்சர், குறை நினையாதேங்கோ. வேலைக்கு எடுத்திட்டாங்கள். அண்டைக்கே கதிரையிலை இருத்திப்போட்டாங்கள், பின்னேர வேலை. இனி என்னாலை வகுப்புக்கு வரேலாது."

ரீச்சருக்குக் கண் நிறைந்துவிட்டது. மகேந்திரராசா மேலும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவருக்குப் பின்னால் வானொலி கரகரத்தது. இரைச்சலுக்கு நடுவே ஒருவன் ஒரே மூச்சில் எதையோ கொட்டினான். ரீச்சர் காதைக் கைபேசியோடு அழுத்திக்கொண்டார். ஒன்றுமே பிடிபடவில்லை, ஊர்ப்பெயர்கூட. மகேந்திரராசா ஒரு நொடியும் யோசிக்காமல் அவனுக்கு ஆங்கிலத்தில் பதில் சொன்னார். அவனும் சரி என்று போய்விட்டான்.

"என்ன சொன்னவன்?" என்று ரீச்சர் ஆவலோடு கேட்டார்.

"ஏழு மணிக்கு முன்னம் வந்துசேர ஏலாதாம் ரீச்சர்," என்றார் மகேந்திரராசா. "நான் அடுத்த லொறியை விடப்போறன். வைக்கட்டே?"

"வையுங்கோ, வையுங்கோ," என்றார் ரீச்சர். கண்ணைத் துடைத்துக்கொண்டு வகுப்பைப் பார்த்துத் திரும்பினார்.

"மகேந்திரராசா இனி வரமாட்டார்," என்றார், அவ்வளவு சந்தோஷமாக.