கல்வெட்டுப் பாலத்தில் ஒரு காலை

தாவரவியல் ஆய்வு மாணவியாக இருந்தபோது, பச்சைமலையில் ஒரு செடி கடல்மட்டத்திலிருந்து எந்த உயரத்தில் தொடங்கி எந்த உயரம் வரை முளைக்கிறது என்று நானும் தோழி ஒருத்தியும் குறித்துக்கொண்டிருந்தோம். காற்றழுத்தத்தை வைத்து உயரம் காட்டும் கைக்கடிகாரம் ஒன்றை அவளுடைய அண்ணன் துபாயிலிருந்து அனுப்பியிருந்தார். முதல் நாள் அதைச் சரிபார்க்காமல் அப்படியே கட்டிக்கொண்டு ஏறி, நாற்பது இடங்களைக் குறித்தோம்.

மறுநாள் காலை வேப்பந்தட்டைப் பக்கம் மலையடிவாரப் பாலத்தின் கல்லில் நில அளவைக்காரர்கள் வெட்டிவைத்த சர்வே குறி ஒன்றைப் பார்த்தோம். வரைபடத்தில் அதன் உயரம் 158 மீட்டர். கடிகாரமோ 191 காட்டியது.

"முப்பத்து மூணைக் கழிச்சுட்டா சரியாயிடாதா?" என்றேன்.

"அது இன்னிக்கி அழுத்தத்துக்குடி. நேத்து எவ்வளவு தப்புன்னு யாருக்குத் தெரியும்?"

முதல் நாள் பக்கங்களை அடித்துவிட்டு, கடிகாரத்தை 158-க்குத் திருத்தி, நேரத்தைக் குறித்துக்கொண்டு மறுபடி ஏறினோம். மாலையில் திரும்பி அதே குறியில் வைத்தபோது 180 காட்டியது. பகலில் காற்றழுத்தம் இறங்கியிருந்தது. அந்த இருபத்திரண்டு மீட்டரை நேரத்துக்கேற்பப் பிரித்து ஒவ்வொரு அளவிலும் கழித்தோம்.

அந்தப் பக்கங்களை அடித்ததில் எனக்கு வருத்தமில்லை. இரண்டாம் முறை வேறு ஓடை வழியாக ஏறியதால்தான், நாங்கள் நினைத்ததற்கு வெகு கீழேயே அந்தச் செடியின் கன்றுகள் கூட்டமாக முளைத்திருப்பதைக் கண்டோம்.

"கீழ வரைக்கும் பரவுதுடி," என்றாள் அவள், மண்ணில் உட்கார்ந்தபடியே.